வரியை ஏற்றினால் வசூல் குறையுமா? ஓசூர் எல்லையின் டீசல் கணக்கு

கேள்வி: எங்கள் மாமா ஓசூரில் ஜூஜூவாடி பக்கம் பங்க் வைத்திருக்கிறார். "டீசல் வரியைக் குறைச்சா கவர்ன்மென்டுக்கே வருமானம் கூடும், இவங்களுக்குப் புரிய மாட்டேங்குது" என்று எப்போதும் சொல்வார். தர்மபுரி காலேஜில் எங்கள் சார், வரி விகிதம் ஏற ஏற வசூல் ஏறி ஒரு கட்டத்துக்குப் பிறகு இறங்கும் என்று காட்டும் லாஃபர் வளைவு என்ற ஒன்றை போர்டில் வரைந்து காட்டினார். ஆனால் எந்த இடத்தில் வளைவு திரும்பும் என்று கேட்டால் பதில் இல்லை. மாமா சொல்வது நிஜமா?

பதில்:

உங்கள் மாமாவின் பங்க்கைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. தமிழ்நாடு முழுவதற்கும் வைத்துப் பார்த்தால் தவறு. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாகின்றன என்று பார்த்தால், வளைவு எங்கே திரும்பும் என்பதும் தன்னால் விளங்கிவிடும்.

முதலில் லாரிக்காரர்கள் மறக்காத ஒரு தேதி. 2021 நவம்பர் 3 அன்று சென்னையில் ஒரு லிட்டர் டீசல் 102 ரூபாய் 59 பைசா, பெங்களூரில் 104 ரூபாய் 50 பைசா. தமிழ்நாட்டில்தான் விலை குறைவு. அன்று இரவு மத்திய அரசு டீசல் மீதான கலால் வரியை 10 ரூபாய் குறைத்தது. கர்நாடகம் தன் பங்குக்கு இன்னொரு 7 ரூபாய் குறைத்து, விற்பனை வரியை 24 சதவீதத்திலிருந்து 14.34 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. தமிழ்நாடு தன் வரியைத் தொடவில்லை. மறுநாள் சென்னையில் 91 ரூபாய் 43 பைசா, கர்நாடகக் குறைப்பு அமலானபின் பெங்களூரில் 85 ரூபாய் 1 பைசா. ஓரிரு நாளில் விலை வித்தியாசம் திசை மாறிவிட்டது. நேற்றுவரை எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தில் இருக்கிற அத்திப்பள்ளியைவிட ஓசூரில் மலிவு, இன்று ஓசூரைவிட அத்திப்பள்ளியில் ஆறு ரூபாய்க்கு மேல் மலிவு.

தமிழ்நாட்டின் வரி விகிதம் ஒரு பைசாகூட மாறவில்லை. 2020 மே மாதத்திலிருந்து டீசலுக்கு 11 சதவீதமும், அதன் மேல் லிட்டருக்கு 9 ரூபாய் 62 பைசாவும் இருந்தன. அதே வரிதான் தொடர்ந்தது. ஆனால் எல்லையோர பங்க்குகளுக்கு அது ஓரிரு நாளில் "அதிக வரி" ஆகிவிட்டது. போர்டில் வரையும் வளைவில் இது தெரியாது. அந்தப் படத்தில் கீழே விகிதம், பக்கத்தில் வசூல், இரண்டும்தான் இருக்கும். பக்கத்து மாநிலக்காரர் என்ன விகிதம் போடுகிறார் என்பதற்கு அதில் கோடு கிடையாது. எல்லை மாவட்டத்தில் அதுதான் முக்கியமான எண்.

இப்போது ஒரு லாரியை எடுத்துக்கொள்வோம். பெங்களூரில் லோடு ஏற்றிக்கொண்டு ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகச் சென்னை போய்த் திரும்புகிற வண்டி. டேங்க் 350 லிட்டர் என்று வையுங்கள். மைலேஜ் லிட்டருக்கு 4 கிலோமீட்டர். அத்திப்பள்ளியிலிருந்து சென்னை சுமார் 320 கிலோமீட்டர், போக வர 640. இதற்கு 160 லிட்டர் போதும். அதாவது அத்திப்பள்ளியில் டேங்க்கை நிரப்பிவிட்டு வந்தால், தமிழ்நாட்டுச் சாலையில் ஓடுகிற முழுத் தூரத்துக்கும் தமிழ்நாட்டு டீசல் ஒரு சொட்டுகூட வேண்டாம். திரும்பிப் போகும்போதும் பாதிக்கு மேல் டேங்க்கில் மிச்சம் இருக்கும்.

இதில் டிரைவர் சுற்றிப் போகவில்லை, நேரமும் செலவாகவில்லை. அத்திப்பள்ளி அவர் போகிற வழியிலேயே இருக்கிறது. எங்கே நிறுத்துவது என்பது மட்டும்தான் மாறுகிறது. 160 லிட்டருக்கு லிட்டருக்கு ஆறரை ரூபாய் என்றால் ஒரு நடைக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம். லாரி ஓனர் போனில் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அரசுப் பக்கம் என்ன நஷ்டம்? 2024 மார்ச்சில் விலை குறைக்கப்பட்டபின் சென்னையில் டீசல் 92 ரூபாய் 34 பைசா. அதில் 9.62 ரூபாயைக் கழித்து 1.11 ஆல் வகுத்தால் வரிக்கு முந்தைய விலை சுமார் 74 ரூபாய் 50 பைசா வரும். அதில் 11 சதவீதம் 8 ரூபாய் 20 பைசா. ஆக லிட்டருக்கு மாநில வரி சுமார் 17 ரூபாய் 80 பைசா. அந்த 160 லிட்டர் அத்திப்பள்ளிக்குப் போனால் தமிழ்நாட்டுக்கு நடைக்கு 2,850 ரூபாய் போகிறது. கர்நாடகத்துக்கு அதே லிட்டரில் அப்போது சுமார் 10 ரூபாய் 80 பைசா கிடைத்தது. ஓனருக்கு ஆயிரம் மிச்சப்பட, ஒரு மாநிலம் 2,850 இழக்க, இன்னொரு மாநிலம் 1,700 சம்பாதிக்கிறது. வாங்குபவர் தப்பிக்க முடிகிற இடத்தில் வித்தியாசம் சிறியதாக இருந்தாலே போதும், இழப்பு அந்த வித்தியாசத்தோடு நிற்பதில்லை. முழு வரியும் போய்விடுகிறது.

உங்கள் மாமா பார்ப்பது இதைத்தான். அவர் பங்க்கில் நிற்க வேண்டிய லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்துபோகின்றன.

இனி தர்மபுரிக்கு வாருங்கள். அங்கே ஒரு கார்க்காரர் 40 லிட்டர் போட வேண்டும் என்று வையுங்கள். அத்திப்பள்ளி சுமார் நூறு கிலோமீட்டர். லிட்டருக்கு ஆறரை ரூபாய் வீதம் 260 ரூபாய் மிச்சம் பிடிக்க, போக வர 200 கிலோமீட்டர் ஓட்டினால் டீசலுக்கே ஆயிரம் ரூபாய் ஆகும். டோல் தனி. அவர் போகமாட்டார். கிருஷ்ணகிரியிலும் இதே கதைதான், தூரம் மட்டும் பாதி. ஓசூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இருப்பவருக்கு அத்திப்பள்ளி பத்து கிலோமீட்டருக்குள். ஒரு லிட்டர் செலவில் போய் வந்துவிடலாம், ஆனால் டிராஃபிக்கில் ஒரு மணி நேரம் போகும். அங்கே சிலர் போவார்கள், சிலர் போகமாட்டார்கள். பெங்களூரில் வேலை என்று தினமும் போய்வருகிறவர் யோசிக்காமல் அங்கேயே போட்டுக்கொள்வார்.

ஆக ஒரே மாநிலம், ஒரே வரி. ஆனால் ஜூஜூவாடியில் அது வசூலைத் தின்கிறது, தர்மபுரியில் ஒன்றும் செய்வதில்லை.

இதைக் கணக்காகப் போட ஒரு எளிய விதி இருக்கிறது. வரியை ஏற்றும்போது, விற்பனை எவ்வளவு சதவீதம் விழுந்தால் வசூல் பழைய இடத்துக்கே வரும்? கூட்டிய தொகையைப் புதிய வரியால் வகுத்தால் அதுதான் விடை. லிட்டருக்கு 15 ரூபாயாக இருந்த வரியை 18 ஆக்கினால், 3-ஐ 18 ஆல் வகுக்க 16.7 சதவீதம். விற்பனை அதற்குள் விழுந்தால் அரசுக்கு லாபம், அதைத் தாண்டி விழுந்தால் நஷ்டம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வரி 15-லிருந்து 18 ஆவது வரியில் 20 சதவீத ஏற்றம். ஆனால் வாங்குபவர் பார்ப்பது விலையை. 90 ரூபாய் விலை 93 ஆவது அவருக்கு மூன்று சொச்சம் சதவீத ஏற்றம்தான். மூன்று சதவீத விலை ஏற்றத்துக்கு விற்பனை 17 சதவீதம் விழ வேண்டும் என்றால், வாங்குபவர்கள் ஐந்து மடங்கு துள்ள வேண்டும். நாட்டின் மொத்த டீசல் விற்பனை அப்படித் துள்ளுவதே இல்லை. காய்கறி வண்டி ஓடித்தான் ஆக வேண்டும், டிராக்டர் உழுதுதான் ஆக வேண்டும். எல்லையோர லாரி மட்டும் அப்படித் துள்ளும், ஏனென்றால் அது டீசல் போடுவதை நிறுத்தவில்லை, இடத்தைத்தான் மாற்றுகிறது.

பொதுவாகச் சொன்னால், விலையில் வரியின் பங்கு எவ்வளவு சிறியதோ அவ்வளவுக்கு வளைவின் உச்சி தூரத்தில் இருக்கும். விலையில் வரி ஆறில் ஒரு பங்கு என்றால், ஒரு சதவீத விலை ஏற்றத்துக்கு விற்பனை ஆறு சதவீதம் விழுகிற இடத்தில்தான் உச்சி. விலையில் முக்கால் பங்கு வரி என்றால், ஒன்றே கால் சதவீதத்துக்குச் சற்று மேல் விழுந்தாலே உச்சிக்கு வந்துவிடும். "மிக அதிக வரி வசூலைக் குறைக்கும்" என்பதில் "மிக" என்ற சொல்லுக்கு இதுதான் அளவுகோல். வெறும் சதவீதத்தைப் பார்த்துப் பயப்படுவதில் பொருளில்லை.

மாமாவையும் நிதி அமைச்சரையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்க, எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். இவை உண்மை விற்பனைக் கணக்கு அல்ல, கணக்கின் போக்கைக் காட்ட மட்டும். ஒரு எல்லை மாவட்டத்தில் மாதம் 100 லட்சம் லிட்டர் டீசல் விற்கிறது. அதில் 30 லட்சம் கடந்துபோகும் லாரிகளுக்கு, 20 லட்சம் எல்லையோர ஊர்க்காரர்களுக்கு, 50 லட்சம் உள்ளே இருப்பவர்களுக்கு. வரி 15 ரூபாய், வசூல் 15 கோடி. வரியை 18 ஆக்குகிறார்கள். லாரிகள் பாதி அந்தப் பக்கம் போய்விடுகின்றன, மிஞ்சியது 15 லட்சம். எல்லையோரத்தார் 15 சதவீதம் குறைக்கிறார்கள், மிஞ்சியது 17 லட்சம். உள்ளூர்க்காரர்கள் ஒரு சதவீதம் குறைக்கிறார்கள், மிஞ்சியது 49.5 லட்சம். மொத்தம் 81.5 லட்சம் லிட்டர். 18 ஆல் பெருக்கினால் 14 கோடியே 67 லட்சம். வரியை ஏற்றியும் மாவட்டத்தில் 33 லட்சம் ரூபாய் வசூல் குறைந்துவிட்டது. மாமா ஜெயித்துவிட்டார்.

இப்போது எல்லை இல்லாத மற்ற மாவட்டங்களைச் சேருங்கள். அங்கே மாதம் 1,000 லட்சம் லிட்டர், குறைவது ஒரு சதவீதம். முன்பு 150 கோடி, இப்போது 990 லட்சத்தை 18 ஆல் பெருக்க 178 கோடியே 20 லட்சம். மாநிலத்துக்கு மொத்தத்தில் சுமார் 28 கோடி கூடுதல். நிதித் துறைக்கு ஓசூரின் 33 லட்சம் கண்ணில் பட்டாலும் அசையமாட்டார்கள், அசையவும் காரணமில்லை. பங்க்கில் விற்பனை பாதியாகி, பையன்களுக்கு வேலை போவது வேறு விஷயம். அது உண்மையான நஷ்டம்தான், ஆனால் அது வரி வசூல் கணக்கில் வராது.

இதையே திருப்பிப் போட்டால், தமிழ்நாடு 2021-ல் ஏன் கர்நாடகத்தைப் பின்தொடரவில்லை என்பதும் புரியும். 17.80 ரூபாயை 10.80 ஆக்கினால், பழைய வசூலுக்கே மாநிலம் முழுவதும் விற்பனை 65 சதவீதம் கூட வேண்டும். அத்திப்பள்ளிக்குப் போன எல்லா லாரியும் திரும்பி வந்தாலும் அது நடக்காது. எல்லையில் ஒரு லிட்டரை மீட்கப் போய், மதுரையிலும் திருநெல்வேலியிலும் எப்படியும் விற்கிற லிட்டர்களில் ஏழேழு ரூபாயை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

கர்நாடகம் பிறகு என்ன செய்தது என்பது இன்னும் சுவாரசியம். 2024 ஜூனில் டீசல் வரியை 18.44 சதவீதத்துக்கு ஏற்றியது. 2025 ஏப்ரலில் 21.17 சதவீதம். பெங்களூரில் டீசல் 91 ரூபாயைத் தொட்டது. ஏற்றும்போதெல்லாம் "பக்கத்து மாநிலங்களைவிட எங்களிடம் இன்னும் குறைவுதான்" என்பது அவர்கள் சொன்ன வாதம். அரசியல் பேச்சு போலத் தெரிந்தாலும் வரிக் கணக்கில் அது சரியான அளவுகோல். சென்னை விலைக்குக் கீழே இருக்கும்வரை வழியில் வருகிற லாரி அங்கேயே நிற்கும். 10.80 ரூபாயாக இருந்த வரி சுமார் 15.90 ஆனது. நஷ்டப்பட வேண்டுமானால் விற்பனை மூன்றில் ஒரு பங்கு விழ வேண்டும். அந்த அளவுக்கு விழுவதற்கு டீசலில் வழியே இல்லை.

பெட்ரோலில் கதை தலைகீழ். 2024 ஜூன் ஏற்றத்துக்குப் பிறகு பெங்களூரில் பெட்ரோல் 102 ரூபாய் 86 பைசா, சென்னையில் 100 ரூபாய் 75 பைசா. ஆக டீசல் வண்டிக்கு அத்திப்பள்ளி லாபம், பெட்ரோல் வண்டிக்கு ஓசூர் லாபம். ஒரே எல்லையில் இரண்டு திசையிலும் ஓட்டம். கிருஷ்ணகிரியின் இன்னொரு பக்கம் குப்பம் இருக்கிறது. ஆந்திரத்தில் டீசலுக்கு 22.25 சதவீதமும் அதன் மேல் லிட்டருக்கு 4 ரூபாயும், சாலை வரி என்று இன்னொரு ரூபாயும். அதனால் மகராஜகடை வழியில் இருக்கிற நம் பங்க்காரர்களுக்கு, ஜூஜூவாடியில் அடி வாங்குகிற அதே தமிழ்நாட்டு வரி வியாபாரத்தைக் கொண்டுவருகிறது. "தமிழ்நாட்டு வரி அதிகமா குறைவா" என்ற கேள்விக்கு, எந்தப் பக்கம் திரும்பி நின்று கேட்கிறீர்கள் என்று பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

மத்திய அரசுக்கு இந்தத் தலைவலி கிடையாது. லாரி ஓசூரில் போட்டாலும் அத்திப்பள்ளியில் போட்டாலும் கலால் வரி அதேதான். ஓடிப்போக வேறு இடம் இல்லை. 2020-ன் தொடக்கத்தில் டீசல் மீதான கலால் 15 ரூபாய் 83 பைசா. மார்ச்சில் 3 ரூபாய், மே மாதத்தில் 13 ரூபாய் ஏற்றி 31 ரூபாய் 83 பைசா ஆக்கினார்கள். இரண்டு மடங்கு. விதிப்படி விற்பனை பாதியாக விழுந்தால்தான் நஷ்டம். ஊரடங்கு இருந்தும் 2020-21-ல் நாட்டின் டீசல் விற்பனை 12 சதவீதம் போலத்தான் விழுந்தது. பெட்ரோலியப் பொருட்கள் மீதான கலால் வசூல் முந்தைய ஆண்டின் சுமார் 2.23 லட்சம் கோடியிலிருந்து 3.73 லட்சம் கோடிக்கு ஏறியது. "வரி ஏறினால் வசூல் விழும்" என்பதைப் பொது விதியாகச் சொல்கிறவர்களிடம் இந்த எண்ணைக் காட்டலாம். ஒரே பொருள், ஒரே பங்க். தப்பிக்க முடியாத வரி ஒன்று, எல்லை தாண்டினால் மாறிவிடும் வரி ஒன்று.

தப்பிக்கும் வழியை அடைப்பதும் விகிதத்தைக் குறைப்பதும் ஒரே வேலையைச் செய்யும் என்பது இதிலிருந்து வரும். டீசல் ஜி.எஸ்.டி.யில் இல்லை. பழைய மத்திய விற்பனை வரிச் சட்டத்தில் சி படிவம் என்ற உறுதிமொழிப் படிவத்தை வாங்குபவர் கொடுத்தால் வெளி மாநிலத்திலிருந்து 2 சதவீத வரியில் மொத்தமாக டீசல் வரவழைக்க முடிந்தது. ஜி.எஸ்.டி. வந்தபிறகும் தொழிற்சாலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் இந்த உரிமை உண்டா என்று வழக்கு நடந்து, சென்னை உயர் நீதிமன்றம் 2018-ல் உண்டு என்றது. டேங்கர் டேங்கராக டீசல் எரிக்கிற குவாரிக்கும் சிமென்ட் ஆலைக்கும் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. 2021 நிதிச் சட்டம் அந்தப் பிரிவைத் திருத்தி, அந்தப் பொருளையே மறுவிற்பனை செய்பவருக்கும் அந்தச் சட்டத்தில் மிஞ்சியிருக்கும் பொருட்களைத் தயாரிப்பவருக்கும் மட்டும் என்று சுருக்கிவிட்டது. மாநில வரி விகிதம் மாறவில்லை, ஆனால் அதே விகிதத்தில் வசூலாகக்கூடிய தொகை மாறிவிட்டது. வளைவு ஒரே இடத்தில் நிற்பதில்லை. சட்டத்தில் எத்தனை ஓட்டை என்பதைப் பொறுத்து உச்சி நகரும்.

எல்லை தாண்டுவது ஒரு வகை. இருந்த இடத்திலேயே மறைவது இன்னொரு வகை. அதற்கு நிலப் பத்திரம் நல்ல உதாரணம். 2017 ஜூனில் தமிழ்நாடு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக்கியது. 7 சதவீத முத்திரைத் தீர்வையோடு சேர்த்துக் கிரயத்துக்கு 11 சதவீதம். ஊத்தங்கரை பக்கம் 50 லட்சம் கைமாறுகிற ஒரு நிலத்துக்கு வழிகாட்டி மதிப்பு 30 லட்சம் என்று வையுங்கள். உள்ளபடி எழுதினால் ஐந்தரை லட்சம், வழிகாட்டி மதிப்புக்கு எழுதினால் 3 லட்சத்து 30 ஆயிரம். மறைத்தால் 2 லட்சத்து 20 ஆயிரம் மிச்சம். விற்பவருக்கும் மூலதன ஆதாய வரியில் லாபம், அதனால் அவரும் தலையாட்டுவார். மீதி 20 லட்சம் ரொக்கம். மொத்த வரி 5 சதவீதமாக இருந்தால் இதே மறைப்பில் மிச்சமாவது ஒரு லட்சம்தான். அதற்காக 20 லட்சத்தை நோட்டாகக் கட்டிச் சுமந்து, வருமான வரிக்காரரிடம் மாட்டினால் அபராதம், பிறகு விற்கும்போது வாங்கிய விலை குறைவாகத் தெரிந்து அதிக ஆதாய வரி என்ற எல்லாத் தொல்லையையும் பலர் யோசிப்பார்கள்.

2023 ஏப்ரலில் அரசு வழிகாட்டி மதிப்பைப் பழைய நிலைக்கு உயர்த்திவிட்டுப் பதிவுக் கட்டணத்தை 2 சதவீதமாக்கியது, மொத்தம் 9. வரி போடும் அடித்தளத்தை நிஜத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து விகிதத்தை இறக்குவது. 2017-ல் செய்ததற்கு நேர் எதிர். என் அபிப்பிராயத்தில் இந்தத் திசைதான் சரி, 9 இன்னும் அதிகம்தான் என்றாலும். குறைந்த மதிப்பு, அதிக விகிதம் என்ற ஏற்பாடு பொய் எழுதுவதற்குக் கொடுக்கும் கூலி.

சரி, விகிதம் உண்மையிலேயே எட்டாத உயரத்துக்குப் போன உதாரணம் நம்மிடமே இருக்கிறது. 1973-74-ல் 2 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வருமானத்துக்கு வருமான வரி 85 சதவீதம், அந்த வரியின் மேல் 15 சதவீத சர்சார்ஜ். சேர்த்தால் 97.75 சதவீதம். மேலே சம்பாதிக்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் கையில் நிற்பது 2 ரூபாய் 25 பைசா. செல்வ வரி தனி. இந்த நிலையில் ஒரு ரூபாயைக் கணக்கில் காட்டாமல் விட்டால் 97 காசு மிச்சம். ஆடிட்டர் கூலியைக் கழித்தாலும் மறைப்பதுபோல லாபமான தொழில் வேறில்லை. 1971-ல் நேரடி வரிகளை ஆராய்ந்த வாஞ்சு குழு, வரி ஏய்ப்புக்கு முதல் காரணம் இந்த உயர்ந்த விகிதங்களே என்று எழுதி, உச்ச விகிதத்தை 75 சதவீதமாக்கப் பரிந்துரைத்தது. 1974-75-ல் 77 சதவீதம், 1976-77-ல் 66 என்று இறங்கியது.

அந்த உச்சியில் எண்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று பாருங்கள். 97.75-லிருந்து 77 ஆகும்போது 100 ரூபாயில் அரசின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் சற்று அதிகமாகக் குறைகிறது. ஆனால் சம்பாதிப்பவரிடம் நிற்பது 2.25 ரூபாயிலிருந்து 23 ரூபாயாகிறது, பத்து மடங்கு. கணக்கில் காட்டிய வருமானம் 27 சதவீதம் கூடினாலே அரசுக்குப் பழைய வசூல் திரும்பிவிடும். பத்து மடங்கு ஆசை காட்டினால் 27 சதவீதம் கூடாதா? இங்கே வளைவின் வலப்பக்கத்தில் இருக்கிறோம் என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். 40-லிருந்து 30 ஆகும்போது கையில் நிற்பது 60-லிருந்து 70, ஆறில் ஒரு பங்கு மட்டும் கூடுகிறது. பழைய வசூலுக்கு வருமானம் மூன்றில் ஒரு பங்கு கூட வேண்டும். அங்கே அதே தைரியம் செல்லாது. 1997 பட்ஜெட்டில் தனிநபர் உச்ச விகிதம் 40-லிருந்து 30 ஆனபின் வசூல் வளர்ந்தது உண்மை. ஆனால் பொருளாதாரமும் சம்பளங்களும் வளர்ந்தன, மூலத்தில் வரி பிடித்தம் விரிந்தது, பான் எண் பரவியது. எல்லாப் புகழையும் விகிதக் குறைப்புக்கே கொடுக்க முடியாது.

வரி குறைப்புக்காரர்கள் பேசாத ஒரு எண்ணும் உண்டு. 2019 செப்டம்பரில் கம்பெனி வரியின் அடிப்படை விகிதம், சலுகைகளை விட்டுக்கொடுப்பவர்களுக்கு, 30-லிருந்து 22 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 2018-19-ல் கம்பெனி வரி வசூல் சுமார் 6.64 லட்சம் கோடி. 2019-20-ல் 5.57 லட்சம் கோடி. அந்த ஆண்டு ஏப்ரல் முதலே மந்தம் இருந்தது, அடுத்த ஆண்டு கொரோனா. அதனால் முழுப் பழியையும் விகிதத்தின் மேல் போட முடியாது. ஆனால் 30 சதவீதத்தில் இருக்கும்போது வளைவின் இடப்பக்கத்தில்தான் இருந்தோம், குறைத்தால் உடனே கொட்டும் என்று எதிர்பார்க்கக் காரணமே இல்லை என்பது தெளிவு. முதலீட்டுக்காகக் குறைத்தோம் என்றால் அது வேறு வாதம், வைக்கலாம். வசூலுக்காகக் குறைத்தோம் என்றால் கணக்கு உதைக்கிறது.

உங்கள் சார் காட்டிய வளைவு 1974-ல் வாஷிங்டனில் ஆர்தர் லாஃபர் கைதுடைக்கும் நாப்கினில் வரைந்தது என்று சொல்வார்கள். பூஜ்ய விகிதத்தில் வசூல் பூஜ்யம், நூறு சதவீதத்திலும் ஏறக்குறைய பூஜ்யம், நடுவில் எங்கோ உச்சி. இதில் யாருக்கும் சண்டையில்லை. படம் உச்சியை மேடு போல நடுவில் வரைந்துவிடுவதால் 50 சதவீதத்தில் திரும்பும் என்று பலரும் மனதில் பதித்துக்கொள்கிறார்கள். அதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. கலால் போலத் தப்பிக்க முடியாத வரிக்கு உச்சி வலது ஓரத்தில், எல்லையோர டீசலுக்கு இடது ஓரத்தில்.

மாமாவோடு அடுத்த முறை வாதம் வந்தால், வசூல் ரூபாயைப் பார்க்காமல் லிட்டரைப் பாருங்கள். தமிழ்நாட்டு வரியில் 11 சதவீதம் விலையோடு ஏறி இறங்கும், 9.62 ரூபாய் அசையாது. கச்சா எண்ணெய் விலை ஏறினால் வரி விகிதம் மாறாமலே ரூபாய் வசூல் கூடும், அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. அடுத்து, எல்லையிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் இருக்கிற பங்க்குகளின் லிட்டரையும், காரிமங்கலம், பாலக்கோடு, தர்மபுரி பங்க்குகளின் லிட்டரையும் அதே மாதங்களுக்குப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் சேர்ந்து விழுந்தால் அது மழையோ லாரி ஸ்டிரைக்கோ தொழில் மந்தமோ. எல்லைப் பக்கம் மட்டும் விழுந்து உள்ளே அசையாமல் இருந்தால் அதுதான் வரியின் வேலை. மாமாவிடம் 2021 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரையான ஸ்டாக் ரிஜிஸ்டர் இருக்கும். நவம்பர் 4-க்கு முன்னும் பின்னும் டீசல் பக்கத்தையும், 2024 ஜூன் 15-க்கு முன்னும் பின்னும் பெட்ரோல் பக்கத்தையும் கூட்டிப் பாருங்கள். முதல் மாதத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். வழியில் போகும் லாரி ஒரே வாரத்தில் மாறிவிடும், ஆனால் கடன் கணக்கு வைத்துப் போடும் ஃபிளீட்காரர்கள் பங்க்கை மாற்ற ஒரு மாதம், இரண்டு மாதம் எடுத்துக்கொள்வார்கள். விலை வித்தியாசம் குறைந்தபிறகு திரும்பி வர அதைவிட அதிக நாள் எடுப்பார்கள்.